23ஆம் யோவான் இருபத்து மூன்றாவது யோவான் அல்லர்

2025 மே 8 மாலை, வத்திக்கான் பேராலயத்தின் மேல்மாடத்தில் நின்று, ராபர்ட் பிரிவோஸ்ட் திருத்தந்தையாகத் தெரிவு செய்யப்பட்டதையும், அவர் தமக்கு 14ஆம் லியோ என்று பெயரிட்டுக்கொண்டதையும் கர்தினால் மம்பெர்த்தி அறிவித்தார். அடுத்த சில நாட்கள் எங்கு பார்த்தாலும் ஒரே விளக்கம்தான். திருத்தந்தை ஆகிறவர் பெயரை மாற்றியே தீர வேண்டும். பேதுரு காலத்திலிருந்து வரும் விதி அது. பின்னால் வரும் எண், அந்தப் பெயரில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைக் காட்டுகிறது. அரசர்களுக்கும் இதே கணக்குதான். இப்படித்தான் பாடநூல்களும் பொது அறிவுக் கையேடுகளும் பல காலமாகச் சொல்லி வருகின்றன. இவற்றில் ஒன்றும் வரலாற்றின் முன் நிற்காது. லியோவுக்கு எண் சரியாகப் பொருந்துவதால் மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பேதுருவைப் பார்ப்போம். சீமோனுக்குப் பேதுரு என்ற பெயரை இயேசுதான் கொடுத்தார். பதவியேற்கும்போது அவர் தாமே தேர்ந்துகொண்ட பெயர் அன்று அது. அவருக்கு அடுத்து வந்த லீனுஸ் லீனுஸாகவே இருந்தார். அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு உரோமை ஆயர்கள் யாரும் பதவிக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நமக்குத் தெரிந்த முதல் மாற்றம் 533இல் நடந்தது. உரோமையின் புனித கிளமெந்து ஆலயத்துக் குருவாக இருந்த ஒருவர் தெரிவானார். அவருடைய பெயர் மெர்க்கூரியுஸ். அது உரோமையரின் பழைய தெய்வம் ஒன்றின் பெயர். அந்த ஆலயத்தின் கல்லில் இன்றும் அவர் பெயர் பொறித்திருக்கிறது. திருச்சபையின் தலைவருக்கு அந்தப் பெயர் தகாது என்று கருதி, சில ஆண்டுகளுக்கு முன் சிறையில் இறந்து மறைசாட்சியாக வணங்கப்பட்ட யோவானின் பெயரை ஏற்று 2ஆம் யோவான் ஆனார்.

அதன் பின்னும் அது வழக்கமாகிவிடவில்லை. அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பெயரிலேயே ஆண்டார்கள். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மாற்றம் அடிக்கடி நிகழத் தொடங்கியது. ஒக்தாவியன் 12ஆம் யோவான் ஆனார். பேதுரு என்று பெயர் கொண்ட பவியா ஆயர், முதல் திருத்தந்தையின் பெயரைத் தாம் தாங்குவது தகாது என்று 14ஆம் யோவான் ஆனார். பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது நிலையான மரபாயிற்று. ஆயினும் மரபு வேறு, விதி வேறு. 1522இல் பதவிக்கு வந்த ஊத்ரெக்த் அட்ரியன் தம் பெயரிலேயே 6ஆம் அட்ரியன் ஆனார். 1555இல் மார்ச்செல்லோ செர்வீனி 2ஆம் மார்ச்செல்லுஸ் ஆனார். அவர் பதவியில் இருந்தது மூன்று வாரங்கள்தான். ஆனால் பெயரை மாற்றாததால் அவர் தெரிவு செல்லாது என்று யாரும் வழக்காடவில்லை. இன்றும் தெரிவானவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன: இந்தத் தெரிவை ஏற்கிறீர்களா, எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள்? அதிகாரம் முதல் கேள்விக்குத் தரும் ஏற்பில் பிறக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அவர் தம் ஞானஸ்நானப் பெயரையே சொன்னாலும் தடையில்லை.

இனி எண்ணுக்கு வருவோம். இந்த வரிசையில் மிக ஆழமாக வேரூன்றிய தவறு இதுதான். 1958 அக்டோபரில் தெரிவான ஆஞ்செலோ ரொன்கல்லி, 23ஆம் யோவான் என்ற பெயரை எடுத்தார். அது தம் தந்தையின் பெயர், தாம் ஞானஸ்நானம் பெற்ற ஊர்க் கோயிலின் பெயர் என்றெல்லாம் காரணம் சொன்னார். தமக்கு முன் ஐயத்துக்கு இடமில்லாத யோவான்கள் 22 பேர் இருந்ததாகவும் குறிப்பிட்டார். வத்திக்கானின் இன்றைய பட்டியலை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அவருக்கு முன் செல்லுபடியான யோவான்கள் 20 பேர்தான் வருவார்கள். இரண்டு பேர் எங்கே போனார்கள்?

ஒருவர் 16ஆம் யோவான். 997இல் உரோமையின் பிரபு ஒருவர், பதவியில் இருந்த 5ஆம் கிரகோரியை விரட்டிவிட்டு, யோவான் பிலகாத்தோஸ் என்பவரை அந்த இருக்கையில் அமர்த்தினார். அடுத்த ஆண்டே பேரரசர் 3ஆம் ஒத்தோவின் படை அவரைப் பிடித்துச் சிதைத்தது. திருச்சபை அவரை எதிர்த்திருத்தந்தை என்றே கொள்கிறது. ஆனால் அடுத்து வந்த யோவான் 17 என்று எண்ணப்பட்டுவிட்டதால், ஏற்கப்படாத மனிதரின் எண் மட்டும் வரிசையில் தங்கிவிட்டது.

இன்னொருவர் 20ஆம் யோவான். அப்படி ஒரு மனிதரே இருந்ததில்லை. இதன் மூலம் மேலே சொன்ன 14ஆம் யோவானிடம் இருக்கிறது. 983இன் இறுதியில் அவரை ஆதரித்த பேரரசர் 2ஆம் ஒத்தோ இறந்துபோனார். சில மாதங்களில் யோவானின் எதிரி, 7ஆம் போனிஃபாஸ், கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து திரும்பி வந்து அவரைச் சந்த்ஆஞ்செலோ கோட்டையில் அடைத்தார். அங்கேயே அவர் இறந்தார். பழைய பட்டியலில் அவர் ஆட்சியாக எட்டு மாதமும், சிறையில் இருந்ததாக நான்கு மாதமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் அதைப் படித்தவர்கள் எட்டு மாதம் ஆண்ட ஒரு யோவான், நான்கு மாதம் ஆண்ட இன்னொரு யோவான் என்று இரண்டு பேராக்கிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த யோவான்களின் எண் எல்லாம் ஒன்று கூடியது. 1276இல் போர்ச்சுகலைச் சேர்ந்த பேதுரு ஜூலியாவோ தெரிவானபோது, அந்தக் கணக்கை நம்பி 21ஆம் யோவான் என்று எழுதிக்கொண்டார். மறு ஆண்டே வித்தெர்போ அரண்மனையில் அவருடைய அறைக் கூரை இடிந்து விழுந்து இறந்தார். அறிஞர்கள் பிற்காலத்தில் தவறைக் கண்டுபிடித்து முந்தைய யோவான்களின் எண்ணைத் திருத்தினார்கள். ஆனால் 21 என்று தாமே கையெழுத்திட்டு ஆணைகள் வெளியிட்ட ஒருவரை 20 ஆக்க முடியவில்லை. அதனால்தான் 19க்கு அடுத்து 21 வருகிறது.

‘செல்லாதவர்களை விட்டுவிட்டு எண்ணுவார்கள்’ என்று இந்தக் கணக்கைக் காப்பாற்றப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் நிற்காது. 1409இல் பீசா நகரில் கூடிய சங்கம், உரோமை, அவிஞ்ஞோன் வரிசைகளைச் சேர்ந்த இருவரையும் நீக்கிவிட்டதாக அறிவித்து, மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தது. அவர் 5ஆம் அலெக்சாந்தர். அவர் இறந்ததும் அதே அணி பல்தஸ்ஸாரே கோஸ்ஸாவைத் தேர்ந்தது. அவர் தமக்கு 23ஆம் யோவான் என்று பெயரிட்டுக்கொண்டார். கான்ஸ்தான்ஸ் பொதுச்சங்கம் 1415இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. ஃபுளோரன்ஸ் நகர ஞானஸ்நானக் கூடத்தில் தொனத்தெல்லோவும் மிக்கெலோட்சோவும் செய்த அவருடைய கல்லறையில், ‘ஒருகாலத்தில் திருத்தந்தையாக இருந்த 23ஆம் யோவான்’ என்ற பொருளில் எழுத்து பொறித்திருக்கிறது. இன்றைய பட்டியலில் அலெக்சாந்தரும் கோஸ்ஸாவும் ஒரே அணியினர், ஒரே தகுதியினர், இருவருமே எதிர்த்திருத்தந்தையர். ஆனால் 1492இல் தெரிவான ரொத்ரிகோ போர்ஜா 6ஆம் அலெக்சாந்தர் என்று எடுத்துக்கொண்டதால், முந்தையவரின் எண் நிலைத்தது. 1958இல் ரொன்கல்லி 23ஐயே மறுபடி எடுத்ததால் கோஸ்ஸாவின் எண் அழிந்தது. ஆக, எண்ணைத் தீர்மானிப்பது வரிசையின் கணக்கன்று. அந்தப் பெயரை அடுத்து எடுப்பவர், தமக்கு முன்னோர் யார் யார் என்று அந்த நேரத்தில் எதை ஏற்கிறாரோ அதுவே. ரொன்கல்லி அந்த எண்ணை எடுத்தபோது, யார் உண்மைத் திருத்தந்தை என்று ஐந்நூறு ஆண்டுகளாக இருந்த ஐயத்துக்கு ஒரு தீர்ப்பையே அளித்துவிட்டார். இது எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது. பொது அறிவுக் கையேடுகள் இதைத்தான் மறைத்துவிடுகின்றன.

அரசர்களிடமும் இதே கதைதான். இங்கிலாந்தை ஆண்ட 1ஆம் எட்வர்டுக்கு முன்பே எட்வர்டுகள் மூவர் அரியணையில் இருந்திருக்கிறார்கள். 1066இல் நார்மன்கள் வென்றதற்குப் பிறகே எண்ணத் தொடங்கியதால் அந்த மூவரும் கணக்கில் வரவில்லை. ஸ்வீடனில் தவறு எதிர்ப்பக்கம் நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் யொஹான்னஸ் மாக்னுஸ் எழுதிய கற்பனை கலந்த வரலாற்றில் இல்லாத கார்ல்கள் ஆறு பேர் இடம்பெற்றார்கள். அரசர்கள் அதை நம்பி எண்ணிட்டார்கள். இப்போதைய மன்னர் 16ஆம் கார்ல் குஸ்தாஃப் உண்மையில் பத்தாவது கார்ல்.

எண் வெறும் கணக்கென்றால் 1953இல் ஸ்காட்லாந்தில் ஒரு தபால் பெட்டி வெடித்திருக்காது. எடின்பரோவின் இஞ்ச் பகுதியில், புதிய அரசியின் சின்னத்தில் ‘இரண்டாம் எலிசபெத்’ என்று பொறித்த சிவப்புத் தபால் பெட்டியை நிறுவினார்கள். முதலாம் எலிசபெத் இங்கிலாந்தின் அரசி. ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை. எங்களுக்கு இவர் முதல் எலிசபெத் என்றார்கள் ஸ்காட்லாந்தினர். பெட்டியைத் திரும்பத் திரும்பச் சேதப்படுத்தி, 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீதிமன்றம் சென்றவர்களும் தோற்றார்கள். எந்த எண்ணை எடுப்பது என்பது அரசுரிமைக்கு உட்பட்டது என்பதே முடிவானது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் எது பெரிய எண்ணோ அதையே எடுக்கலாம் என்று பிரதமர் சர்ச்சில் வழி சொன்னார். ஸ்காட்லாந்தில் பின்னர் நிறுவிய பெட்டிகளில் எண் இல்லாமல் ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டுமே இடம்பெற்றது.

பெயர் மாற்றமும் அரச குலங்களில் கட்டாயமன்று. ஆல்பர்ட் 6ஆம் ஜார்ஜ் ஆனார், அவர் மகள் எலிசபெத் எலிசபெத்தாகவே முடிசூடினார், சார்லஸும் அப்படியே.

கடைசியாக, எண்ணைப் பெயரோடு சேர்ந்தே பிறந்த ஒன்றாகக் கருதும் பழக்கம். நம் சோழர்களைப் பாருங்கள். அருள்மொழிவர்மன் அரசரானபின் இராசராசன் ஆனார். ஆனால் ‘முதலாம்’ என்ற எண்ணை அவர் கல்வெட்டு எதிலும் காண முடியாது. இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களே அரசருக்கு அரசர் மாறி மாறி வரும். கல்வெட்டில் மெய்க்கீர்த்தியின் தொடக்கத்தையும், ‘யாண்டு’ என்ற ஆட்சியாண்டையும் வைத்துத்தான் இன்ன அரசர் என்று அடையாளம் காண்கிறார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற எண்கள் இருவரைப் பிரித்துக் காட்ட வரலாற்றாசிரியர்கள் போட்டவை.

ஐரோப்பாவிலும் ‘முதலாம்’ என்பது பொதுவாக இரண்டாமவர் வந்தபின் முந்தையவருக்குத் திரும்பக் கிடைப்பதுதான். விதிவிலக்காக, 1978இல் அல்பினோ லூச்சியானி தெரிவான அன்றே முதலாம் யோவான் பவுல் என்று அறிவிக்கப்பட்டார். 2013இல் பிரான்சிஸ் அந்த முறையைப் பின்பற்றவில்லை. சில நாளேடுகள் அவரை ‘முதலாம் பிரான்சிஸ்’ என்று எழுதின. வத்திக்கான் பேச்சாளர் லொம்பார்தி உடனே திருத்தினார்: அவர் வெறும் பிரான்சிஸ். இன்னொருவர் 2ஆம் பிரான்சிஸ் என்று வந்தால்தான் இவருக்கு எண் ஏறும். 2025இல் அவர் மறைந்தபோதும் அவர் பெயருக்குப் பின் எண் கிடையாது.