டைமர் யார் பக்கம்?

பெண் பிள்ளைகளுக்கான இணையப் பாதுகாப்பு வகுப்பு என்று எங்கள் கல்லூரிக்கு யார் வந்தாலும் ஓர் அறிவுரை தவறாமல் வருகிறது. வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள், பிறகு பயமில்லை. துப்பட்டாவை ஒழுங்காகப் போடு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்ற வரிசையில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது. முந்தைய இரண்டைப் போலவே இதுவும் அடுத்தவன் என்ன செய்வான் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீ என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

அந்த வசதிக்கு ஒரு பயன் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. திருப்பூரில் எத்தனை பெண்களின் போன் அவர்களுடைய போனாக மட்டும் இருக்கிறது? அண்ணன் வாங்கிப் பார்ப்பான், கணவன் கடவுச்சொல் கேட்பான், விடுதி வார்டன் ராத்திரி வாங்கி வைத்துக்கொள்வார். பனியன் கம்பெனி விடுதியில் ஆறு பேர் இருக்கும் அறையில் யார் போன் யார் கையில் என்று சொல்ல முடியாது. போன வாரம் தோழிக்கு எழுதியது இந்த வாரம் அண்ணன் கண்ணில் படக்கூடாது என்றால் டைமர் உதவும். அதாவது, பிற்பாடு உன் போனைத் திறந்து பார்க்கிறவனிடமிருந்து அது காப்பாற்றும். அதற்காகவே உருவாக்கியது அது. 2020 நவம்பரில் ஏழு நாள் கணக்கில் வந்தது. அடுத்த ஆண்டு 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன.

ஆனால் பெண்களுக்கு ஆபத்து பெரும்பாலும் பிற்பாடு போனைத் திறப்பவனிடமிருந்து வருவதில்லை. செய்தியைப் பெற்றுக்கொண்டவனிடமிருந்தே வருகிறது. அவனிடம் இந்த டைமர் செல்லாது. சாதாரண உரையாடலில் அவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உனக்குத் தெரியவராது. ஒருமுறை மட்டும் பார்க்கிற படமாக அனுப்பினால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவிடாமல் செயலி தடுக்கிறது, சரி. பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுத்தால் எந்தச் செயலி தடுக்கும்? மறைவதற்கு முன்பு அவன் வேறொரு உரையாடலுக்கு அனுப்பிவிட்டால், அங்கே டைமர் இல்லாவிட்டால், அது அங்கேயே தங்கிவிடும். படங்கள் தானாக இறங்கும்படி அவன் போனில் வைத்திருந்தால், உரையாடலிலிருந்து படம் போன பிறகும் கேலரியில் இருக்கும். டைமரை ஆன் செய்வதற்கு முன்பு அனுப்பியவற்றை அது தொடுவதே இல்லை. ஆறு மாதம் பேசிவிட்டு, சண்டை வந்த நாளில் ஆன் செய்தால் ஆறு மாதமும் அப்படியே இருக்கும். இதையெல்லாம் அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, நம்பிக்கையான ஆட்களோடு மட்டும் பயன்படுத்துங்கள் என்று. நம்பிக்கையான ஆள் என்றால் டைமர் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள், நம் பக்கத்து ஊர்தான். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கும்பல் வெளியே தெரிந்தது. நட்பாகப் பேசி, காரில் ஏற்றி, வீடியோ எடுத்து, அதை வைத்து மிரட்டுவதுதான் அவர்களின் வழி. அந்தப் பெண்கள் தங்கள் போனில் எதை அழித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? வீடியோ அவர்கள் போனில் இல்லையே, அவன்களிடம் அல்லவா இருந்தது! இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த மாணவியின் பெயரை வெளியே சொன்னது எந்தச் செயலியும் அல்ல. செய்தியாளர்கள் முன்னால் சொன்னவர் மாவட்டக் காவல்துறை அதிகாரி. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் வந்து சாட்சி சொன்னதும், மின்னணுச் சான்றுகள் கிடைத்ததும் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பு. தடயம் இருந்ததால்தான் அவன்கள் உள்ளே இருக்கிறான்கள்.

இங்கேதான் எனக்கு அந்த அறிவுரையின்மீது கோபம் வருகிறது. டைமரைப் பெண்தான் ஆன் செய்வாள் என்று யார் சொன்னது? தனிப்பட்ட உரையாடலில் இருவரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நம் ஊரில் அதை அதிகம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் சூப்பர்வைசர்கள்.

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒருத்தி செக்கிங்கில் வேலைக்குப் போனாள். கம்பெனி பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியாகவும் இருக்கலாம். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்தால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சூப்பர்வைசரின் செய்தி வரும். முதலில் நாளைக்கு எந்த லைன் என்று. பிறகு சாப்பிட்டாயா என்று. பிறகு எழுதக் கூசுகிற வார்த்தைகள். வேலைப் பேச்சு முடிந்து அந்தப் பேச்சு தொடங்கிய அன்றைக்கே அவர் 24 மணி நேர டைமரை ஆன் செய்துவிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து போனை நீட்டினாள். "எல்லாம் போச்சுங்க மேடம். ஒண்ணுமே இல்லைங்க."

ஒன்றுமே இல்லாமல் இல்லை. மூன்று விஷயங்கள் இருந்தன. டைமரை ஆன் செய்தவர் யார் என்று உரையாடலிலேயே ஒரு வரி வரும். அதில் அவர் பெயர் இருந்தது. அடுத்து, வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் அனுப்பியவை சனிக்கிழமை ராத்திரி வரை இருக்கும், அவை இருந்தன. மூன்றாவதுதான் அவள் அறியாமலே செய்த நல்ல காரியம். வியாழன் ராத்திரி வந்த மிக மோசமான செய்தியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்கோளாகப் பிடித்து, "சார், இப்படி அனுப்பாதீங்க" என்று பதில் போட்டிருந்தாள். மூலச் செய்தி வெள்ளி ராத்திரியே போய்விட்டது. ஆனால் பதிலுக்குள் மேற்கோளாக நின்றது போகவில்லை. அந்தப் பதிலுக்கு உரிய 24 மணி நேரம் சனிக்கிழமை சாயங்காலம் வரை இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

உடனே செய்ய நினைப்பது அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, உரையாடலில் வைத்துக்கொள் என்ற பொத்தானைத் தொடுவது. தொடக்கூடாது. வைத்துக்கொண்டால் அனுப்பியவருக்கு அறிவிப்பு போகும், வேண்டாம் என்று சொல்லும் கடைசி உரிமையும் அனுப்பியவருக்கே. அவர் வேண்டாம் என்றால் செய்தி டைமர்படி போய்விடும். என் வார்த்தையை நீ என் அனுமதியின்றி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. காதலர்களுக்கு அது பொருந்தும். சூப்பர்வைசருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் நடுவில் வைத்தால் குற்றம் செய்தவனிடம் தடயத்தின் சாவியைக் கொடுத்ததாகும். டைமரை அவளே ஆஃப் செய்யலாம், ஆனால் ஏற்கெனவே வந்த செய்திகளுக்கு அது உதவாது, அவருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அனுப்பிவைத்தால் என் போனில் தங்கும். ஆனால் அங்கே அனுப்பியவராகத் தெரிவது அவள்தான், அவர் எண் இருக்காது.

ஆகவே என் போனில் அவள் போனை வீடியோ எடுத்தோம். முதலில் அவருடைய தொடர்பு விவரம், எண் தெரியும்படி. அங்கிருந்து உரையாடலுக்குள் போய், டைமர் ஆன் செய்த வரி, தேதி, நேரம், மேற்கோளோடு கூடிய பதில், கடைசிச் செய்தி வரை நிறுத்தாமல். பிறகு ஸ்கிரீன்ஷாட்டுகள். போனை மாற்றாதே, ரீசெட் செய்யாதே, சிம்மைக் கழற்றாதே என்றேன். நீதிமன்றம் வரை போனால் நகலுக்கு பாரதிய சாக்‌ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூலமான போன் கையில் இருப்பது பெரிய பலம். காணாமல் போனதை வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வந்து சேர்ந்த செய்தியை அவர்கள் வைத்திருப்பதில்லை. மறைவதற்கு முன் எடுத்த பேக்கப்பில் அது இருக்கலாம், ஆனால் அதைப் போனில் மீட்டெடுத்தால் அப்போதே அழிந்துவிடும்.

இதோடு சட்டத்தின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். ஒரு பெண் யோசித்து, வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயந்து, வேலை போனால் வாரச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று கணக்குப் போட்டு, துணிவதற்காகக் கொடுத்த காலம் அது. எதிர்த்தரப்பின் டைமர் அந்த மூன்று மாதத்தை ஒரு நாளாக்கிவிடுகிறது. இதை எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவள் புகாரை உள் புகார்க் குழு எடுத்துக்கொண்டது. விசாரணையில் அவர் வேலை விஷயம்தான் எழுதினேன் என்றார். வேலை விஷயத்துக்கு எதற்கு டைமர் என்று குழுவில் இருந்த வெளி உறுப்பினர் கேட்டார். அவருக்குப் பதில் வரவில்லை. வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அவள் இரண்டு மாதத்தில் வேலையை விட்டாள். இதை வெற்றி என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த வீடியோ இல்லாவிட்டால் மாற்றப்பட்டிருப்பவள் அவள்தான்.

தடயத்தை வைத்துக்கொள்வது பெண்ணுக்கு அவமானம் என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அசிங்கத்தைப் போனில் வைத்திருக்காதே, அழித்துத் தலைமுழுகு என்று சொல்லாத அம்மா உண்டா? 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளிடம் உதவிப் பேராசிரியர் ஒருவர் போனில் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக இருந்தது. அது இல்லாவிட்டால், மாணவிகள் சொல்வதைவிட ஆசிரியர் சொல்வதைத்தான் ஊர் நம்பியிருக்கும். 2024 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஓர் ஆசிரியராக அந்தத் தீர்ப்பைத் தலைகுனிந்து படித்தேன், அந்தப் பிள்ளைகளை நினைத்து நிமிர்ந்தேன்.

பாலியல் துன்புறுத்தலோடு இது முடிவதுமில்லை. லைன் குழுக்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வா, ஷிப்மென்ட் இருக்கிறது, வராதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்ற உத்தரவு எல்லாம் இப்போது வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அந்தக் குழுவிலும் டைமர் இருக்கிறது. கூடுதல் நேரக் கூலியைக் கேட்டு ஒருத்தி போகும்போது, வரச் சொன்னதே யார் என்று கேட்கிறார்கள். அட்மின் டைமரைத் தன் கையில் வைத்துக்கொள்ளவும் குழுவில் வசதி உண்டு, உறுப்பினர்களால் மாற்ற முடியாது. வேலை உத்தரவுகள் வரும் குழுவில் டைமர் கூடாது என்று தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும். ஒவ்வொரு யூனிட்டின் அறிவிப்புப் பலகையிலும், உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்களுக்குக் கீழே, தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் அது எழுதப்பட்டிருக்கவேண்டும்.