சளிக்குப் பின் வரும் செருமல்



சளி நீங்கிய பின்னும் தொண்டை அரிப்பும் செருமலும் நீடிப்பதை ரஞ்சன்குடி இல்லங்களில் நாம் காண்கிறோம். மூக்கின் பின்புறமிருந்து கோழை வழிந்து இறங்குவதே இதற்குக் காரணம். ஓயாது செருமினால் தொண்டை மேலும் புண்படும். அரிப்பு எழும்போது ஒரு மிடறு நீர் விழுங்குவதே நன்று.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் கோழையை அகற்றும். கால் லிட்டர் நீரை நன்கு கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியபின், அயோடின் கலவாத தூய உப்பை அரைத் தேக்கரண்டி கரைக்கவும். குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் மெல்ல ஊற்றினால், நீர் மறு நாசி வழியே வெளிவரும். எரிச்சல் உண்டானால் உப்பு மிகையாகவோ குறைவாகவோ இருக்கலாம். காய்ச்சாத கிணற்றுநீரோ குளத்துநீரோ கூடவே கூடாது. அத்தகைய நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கும். 2025ஆம் ஆண்டில் கேரளத்தில் இந்நோயால் பலர் மாண்டனர்.

மல்லாந்து படுத்தால் கோழை தொண்டையில் தேங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தியோ, பாயில் தோளுக்கும் சேர்த்துத் தலையணை இட்டோ, ஒருக்களித்து உறங்குக.

இருமல் இரண்டு வாரம் நீடித்தாலும், கோழையில் இரத்தம் கண்டாலும் கைவைத்தியத்தோடு நின்றுவிடலாகாது. அது காசநோயாகவும் இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்க.