ட்ரையல் பாஸான மறுநாள்: புதிய சாரதிகளுக்குப் படிப்படியான அனுமதி தேவை

பெருநாள் விடுமுறையை ஒட்டி இளைஞர்கள் சிக்கும் வாகன விபத்துகள் நமது சமூகத்துக்குப் புதியவையல்ல. ஜனாஸா அடக்கப்பட்ட பின் இரண்டு நாட்களுக்கு வேகத்தையும் கவனயீனத்தையும் பற்றிப் பேசுவோம். அந்த வாகனத்தை ஓட்டியவர் லைசன்ஸ் எடுத்து எத்தனை மாதம் என்று கேட்பவர்கள் குறைவு. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நமது நாட்டில் 18 வயதானவர் எழுத்துப் பரீட்சையில் தேறி, எல் போர்டுடன் பழகி, ட்ரையல் பாஸானால் அவரும் இருபது வருட அனுபவமுள்ளவரும் நடைமுறையில் ஒன்றுதான். அன்றிரவே ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறலாம். ஆனால் ட்ரையலில் பார்க்கப்படுவது பகல் வெளிச்சத்தில், அதிகாரி பக்கத்தில் இருக்க, குறைந்த வேகத்தில் ஓட்டும் திறமை மட்டுமே.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நியூசிலாந்து 1987இல் மூன்று கட்ட முறையைக் கொண்டுவந்தது. பழகுநருக்கும் முழு அனுமதி பெற்றவருக்கும் நடுவே அங்கு ஒரு கட்டுப்பாட்டுக் காலம் உண்டு. அக்காலத்தில் தனியாக ஓட்டுபவர் இரவு 10 மணி முதல் அதிகாலை 5 மணி வரை வீதிக்கு வரக்கூடாது. அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இல்லாமல், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் போன்றோரைத் தவிர வேறு ஆட்களை ஏற்றவும் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1994 முதல் இத்தகைய முறையைப் பின்பற்றுகிறது.

இரவை ஏன் தடுக்க வேண்டும்? மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார், சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக் மிதித்து நிற்பதற்குள் ஏறக்குறைய 45 மீற்றர் ஓடிவிடும். தாழ்த்திய ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரியும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். கிழக்கில் இரவு வீதியில் படுத்திருக்கும் மாடோ, பின்விளக்கில்லாத சைக்கிளோ கண்ணில் படும்போது 80இல் வருபவருக்கு நிறுத்த இடமில்லை. பழகியவர் இருட்டைக் கண்டதும் தானாகவே வேகத்தைக் குறைப்பார். புதியவருக்கு அந்தக் கணக்கு இன்னும் கைவரவில்லை.

பயணிகள் விடயமும் இப்படித்தான். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து, லைசன்ஸ் எடுத்து மூன்று வாரமான 19 வயதுப் பையன் நான்கு நண்பர்களுடன் ஸஹர் வரை சுற்றக் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு, பாட்டு, “முந்துடா” என்ற தூண்டல் எல்லாம் அவன் கவனத்தைப் பங்குபோடும். தூக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒன்டாரியோவில் இரண்டாம் கட்டத்திலுள்ள 19 வயது வரையானவர், முதல் ஆறு மாதம், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, 19 அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள ஒருவரை மட்டுமே ஏற்றலாம். குடும்பத்தினருக்கு இந்த வரையறை இல்லை. எனவே உம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துப் போவதை இச்சட்டம் தடுக்காது. நண்பர்கள் கூட்டத்தைத்தான் தடுக்கிறது.

அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் போகும் வாகனம் நிற்க, காய்ந்த வீதியிலேயே 100 மீற்றர் அளவு வேண்டும். உள்நுழையும் ஒழுங்கையில் வேகம் எடுத்து இணைவதும், முன்வாகனத்துடன் இடைவெளி விடுவதும் ஊர் வீதியில் பழக முடியாதவை. ஒன்டாரியோவில் பழகுநர்கள் பயிற்சி ஆசிரியர் இல்லாமல் அத்தகைய வீதிகளில் ஏற முடியாது. முழு அனுமதிக்கான கடைசிச் சோதனையில் அங்கே ஓட்டிக் காட்டவும் வேண்டும். நமது அதிவேக வீதிகளும் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அதே வாயிலில் புதிய சாரதிகளைத் தடுப்பது முடியாத காரியமல்ல.

இதற்கு எதிராக இரண்டு நியாயமான வாதங்கள் உண்டு. இரவில் ஓட்டிப் பிழைப்பவர் என்ன செய்வார்? தொழிலுக்குப் போய்வருவதற்கு எழுத்துமூல விலக்கு கொடுக்கலாம். பொலிஸார் கையூட்டு வாங்கினால்? அந்த அச்சம் உண்மையானது. வாகனத்தின் முன்னும் பின்னும் அடையாளம் ஒட்டினால் விதிமீறல் ஊருக்கே தெரியும், மறைப்பது கடினமாகும்.

நமது நாட்டில் லைசன்ஸ் வயதே 18 என்பதால், வயதைப் பாராமல் எல்லாப் புதிய சாரதிகளுக்கும் ஒரு வருடக் கட்டுப்பாடு விதிப்பதே பொருத்தம். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. எந்த நாட்டிலும் இந்த விதிகளை முதலில் காப்பது பொலிஸ் அல்ல, வீட்டில் சாவியை வைத்திருப்பவர்தான். முதல் ஆறு மாதம் இரவு 10 மணிக்குப் பின் சாவி இல்லை, நண்பர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது, அதிவேக வீதியென்றால் வாப்பாவோ நானாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். பின் ஆசனத்தில் ஏறும் பிள்ளைகளும் வேறொரு வீட்டின் அமானிதம் என்பதைச் சாவியைக் கொடுக்கும் முன் நினைத்துக்கொள்வோம்.