டீக்கடையில் நின்ற வண்டி 600 மீட்டர் ஓடிய கதை

வியாழக்கிழமை, அய்யலூர் ஆட்டுச் சந்தை நாள். திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை வழியா பைக்கில் போறீங்க, போனில் ஜிபிஎஸ் ஓடிக்கிட்டு இருக்கு. சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்தி 20 நிமிஷம் டீ குடிக்கிறீங்க. நொடிக்கு ஒரு புள்ளி என்றால் 1200 புள்ளிகள். ஒவ்வொன்றும் முந்தையதில் இருந்து அரை மீட்டர் தள்ளி விழுந்தாலே, நின்ற வண்டி 600 மீட்டர் ஓடியதாகக் கணக்கு வரும். கிலோமீட்டருக்குக் காசு தரும் டெலிவரி வேலையில் இது யாரோ ஒருவருடைய பணம்.

நம்மில் பலர் இதுக்குச் செய்யும் முதல் வைத்தியம், ஐந்து புள்ளிகளுக்குச் சராசரி எடுப்பது. அது தப்பான வரிசை என்பது என் கருத்து. தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு புள்ளி 200 மீட்டர் தள்ளி விழுந்து, அடுத்த நொடியே திரும்புதுன்னு வைங்க. வேகம் மணிக்கு 720 கி.மீ. பார்த்த உடனே பொய் என்று தெரியும். சராசரி எடுத்தால் அதே பிழை ஐந்து புள்ளிகளுக்குப் பரவி, 40 மீட்டர் விலகலாகவும் 144 கி.மீ. வேகமாகவும் மாறும். அப்போ அது பொய் மாதிரியே தெரியாது!

அதனால் முதலில் நீக்குங்க. உள்ளே வரும் வேகம், வெளியே போகும் வேகம் இரண்டுமே மணிக்கு 120-ஐத் தாண்டினால் அந்தப் புள்ளியைத் தூக்கிடலாம். அடுத்து, கடைசியாக நம்பிய புள்ளியை நங்கூரமா வைச்சு, அதிலிருந்து 15 மீட்டர் நகர்ந்தால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்க:

```python
d = haversine(anchor, p)
if d > 15:
    total += d
    anchor = p
```

நிற்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிடும். `anchor` ஆன புள்ளிகளை இணைத்தால் அதுதான் உங்கள் கோடு.

இதுக்கும் ஒரு விலை உண்டு. நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. ஊருக்குள் சந்து திரும்பும் இடங்களில் கோடு மூலையை வெட்டிக்கொண்டு போகும், தூரம் குறையும். அதனால் 5, 10, 15, 20 மீட்டர் என நான்கு முறை ஓட்டிப் பாருங்க. மொத்த தூரம் வேகமாகச் சரிவது எங்கே நிற்கிறதோ, அந்த எண்ணே போதும். நெடுஞ்சாலையின் இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே உங்கள் கோடு எவ்வளவு காட்டுதுன்னும் சரிபாருங்க.

வேகத்தை ஒரு நொடி இடைவெளியில் கணக்கிடாதீங்க. 2 மீட்டர் பிழை அங்கே மணிக்கு 7 கி.மீ. ஆகிவிடும். 10 நொடி எடுத்தால் அதே பிழை 0.7 தான். நின்ற நேரத்தைச் சேர்த்து ஒரு சராசரி, சேர்க்காமல் ஒரு சராசரி, இரண்டையும் எழுதுங்க.

ரிப்போர்ட்டில் "மொத்த தூரம்" என்று வெறும் எண்ணைப் போடாதீங்க. எந்த வரம்பில் வந்த எண் என்பதையும் பக்கத்திலேயே சொல்லுங்க. மூல ஃபைலை அழிக்காமல் வைங்க. சந்தேகப்படுகிறவர் அதை வைச்சு மறுபடி கூட்டிப் பார்க்கட்டும்.