ஒரே ஏலம், இரண்டு அறிவிப்புகள்: தமிழும் ஆங்கிலமும் ஒன்றையேதான் சொல்கின்றனவா?

வீட்டுக்கடன் கட்ட முடியாமல் போன ஒருவரின் வீட்டை வங்கி ஏலம் விடுவதற்கு முன்பு, அதைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். ஒரு பத்திரிகை போதாது. சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 2002-ல் வந்த விதிகளின்படி இரண்டு முன்னணி நாளிதழ்களில் வெளியிட வேண்டும்; அதில் ஒன்று அந்தப் பகுதி மக்களின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ் என்று முடிகிறது.

காரணம் எளிது. கடன் வாங்கியவர், ஜாமீன் போட்டவர், பக்கத்து வீட்டுக்காரர், அந்தச் சொத்தில் பங்கு கேட்கக்கூடிய உறவினர் என எல்லோருக்கும் விஷயம் தெரிய வேண்டும். ஆனால் வரைவு வழக்கமாக ஆங்கிலத்தில்தான் தயாராகிறது. தமிழ் அதற்குப் பிறகு, கடைசி நேரத்தில், விளம்பர இடத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எழுதப்படுகிறது. வித்தியாசம் புகுவது அங்கேதான்.

எழுத்துப்பிழை இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். நாம் இங்கே பார்ப்பது வேறு: தமிழ் பிழையில்லாமல் இருக்கும், ஆங்கிலமும் பிழையில்லாமல் இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லாது. ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, அதில் ஒரு வீடு. குறைந்தபட்ச விலை 48 லட்சம் ரூபாய். முன்வைப்புத் தொகை 4.80 லட்சம்.

வடக்கே ரோடா, ரோட்டுக்கு வடக்கா?

ஆங்கில அறிவிப்பில் நான்கு எல்லைகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: வடக்கில் 20 அடி சாலை, தெற்கில் மனை எண் 15, கிழக்கில் மனை எண் 11, மேற்கில் மனை எண் 9.

நம் ஊர்ப் பத்திரங்களில் எல்லை எழுதும் முறை வேறு. "20 அடி சாலைக்குத் தெற்கு, மனை எண் 15-க்கு வடக்கு, 11-க்கு மேற்கு, 9-க்குக் கிழக்கு" என்று இருக்கும். அதாவது, நம் மனை சாலைக்குத் தெற்கே இருக்கிறது. எனவே சாலை நமக்கு வடக்கே இருக்கிறது. திசைச் சொற்கள் எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே மனையைத்தான் காட்டுகின்றன.

இந்த இரண்டு முறைகளையும் அரைகுறையாகக் கலக்கும்போது சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தைப் பார்த்து, பத்திரப் பாணியில் எழுத நினைத்து, "20 அடி சாலைக்கு வடக்கு, மனை எண் 15-க்குத் தெற்கு" என்று ஒருவர் எழுதிவிட்டால் மனை சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடும். வடக்குப் பார்த்த வீடு தெற்குப் பார்த்ததாகிவிடும். நான்கு திசையும் ஒழுங்காகப் புரண்டுவிட்டால், தமிழை மட்டும் படிப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. படித்தால் சரியாகவே இருக்கும்.

இதைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட வரைந்து கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஆங்கில அறிவிப்பை மட்டும் வைத்து சாலை எந்தப் பக்கம் என்று குறியுங்கள். தமிழை வைத்து இன்னொரு கட்டம். பிறகு மூலப்பத்திரத்தை வைத்து மூன்றாவது. மூன்று கட்டமும் ஒன்றாக இருந்தால் தொடரலாம். மூலப்பத்திரத்தை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், ஆங்கில வரைவே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது தமிழ் அதோடு அச்சு அசலாகப் பொருந்தினாலும் இரண்டும் தப்புதான்.

காணாமல் போகும் ஒரு சொல்

அடுத்தது சுவாதீனம். வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டி, பத்திரிகையில் அறிவித்து, காகித அளவில் எடுத்துக்கொள்வது குறியீட்டு சுவாதீனம். உள்ளே குடும்பம் அப்படியே குடியிருக்கும். ஆட்களை வெளியேற்றி, பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வது நேரடி சுவாதீனம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக வங்கி பல சமயம் மாவட்ட ஆட்சியரிடமோ, பெருநகரம் என்றால் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவரிடமோ மனு போட வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் 'சிம்பாலிக்' என்ற ஒரு சொல் இருக்கும். தமிழில் இடம் போதாமல் "வங்கி சுவாதீனம் எடுத்துள்ள சொத்து" என்று மட்டும் வரும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தமிழ் படித்தவர், வீடு காலியா இருக்கு, பணம் கட்டினா சாவி கைக்கு வந்துடும் என்று நினைத்துக்கொள்வார். ஏலம் எடுத்த பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது தெரியவரும்.

இப்படிப்பட்ட சொற்கள் ஒரு அறிவிப்பில் அதிகம் இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் அதற்குப் பக்கத்தில் உள்ள பெரிய சொல்லின் எல்லையைக் குறுக்குவது. 'குறியீட்டு' சுவாதீனம், 'பிரிபடாத' பாகம், 'பழைய' சர்வே எண், 'வேலை' நாள், 'வங்கிக்குத் தெரிந்த' வில்லங்கம். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இவைதான், ஏனென்றால் இவை இல்லாமலும் வாக்கியம் முழுமையாகவே தெரியும்.

பதினைந்து நாள், எந்த நாளிலிருந்து?

பணம் கட்டும் கெடுவுக்கு வருவோம். விதி இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொல்கிறது. ஏலத்தில் வென்றவர், விலையில் 25 சதவீதத்தை அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை இந்த 25 சதவீதத்துக்குள் அடங்கும். மீதியை, விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15-வது நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்துமூலமாக ஒப்புக்கொண்டால் இந்தக் கெடுவை நீட்டிக்கலாம். ஆனால் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது.

நம் மாதிரி வீடு 50 லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் 12.50 லட்சம். ஏற்கெனவே கட்டிய 4.80 லட்சம் போக, உடனே தேவை 7.70 லட்சம். தமிழ் அறிவிப்பில் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கி, "ஏலம் முடிந்த 15 நாட்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்த வேண்டும்" என்று போட்டால் என்ன ஆகும்? படித்தவர் 15 நாள் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அடுத்த வேலை நாள் முடிந்ததும் சொத்து மறு ஏலத்துக்குப் போகும். ஏல நிபந்தனைகள் பெரும்பாலும் எழுதப்படும் விதத்தில், அவருடைய 4.80 லட்சமும் திரும்பி வராது.

அந்த ஒரே வாக்கியத்தில் இன்னொரு மாற்றமும் ஒளிந்திருக்கிறது. 15 நாள் எண்ணத் தொடங்குவது ஏலத்திலிருந்து அல்ல, விற்பனை உறுதியான நாளிலிருந்து. 10-ம் தேதி ஏலம், 18-ம் தேதி உறுதி என்றால் 8 நாள் வித்தியாசம். கடன் வாங்கிக் கட்ட நினைப்பவர், இவ்வளவு சீக்கிரம் முடியாது என்று ஏலத்துக்கே வராமல் விட்டுவிடலாம். கேட்க ஆள் குறைந்தால் விலையும் குறையும். அந்த நஷ்டம் கடைசியில் வீட்டை இழக்கும் கடன்காரர் தலையில்தான் விழும்.

ஆகவே ஒவ்வொரு கெடுவையும் மூன்று கேள்விகளாக உடைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாள்? எந்த நிகழ்விலிருந்து? வேலை நாளா, சாதாரண நாளா? மூன்றுக்கும் இரண்டு மொழியிலும் ஒரே பதில் வர வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை

இரண்டு அறிவிப்பையும் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாக ஒப்பிடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத் தமிழைப் பார்க்கும் கண், அங்கே இல்லாததையும் இருப்பதாக நிரப்பிக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் இரண்டிலும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எண் போடுங்கள். ஆங்கிலத்தில் 14, தமிழில் 12 என்றால் மேலே போக வேண்டாம், அந்த இரண்டைத் தேடுங்கள். இரண்டாவதாக, எல்லா எண்களையும் தனியாக எழுதி எடுங்கள்: தொகை, தேதி, நேரம், சர்வே எண், கதவு எண், பரப்பளவு. தமிழில் சென்ட், ஆங்கிலத்தில் சதுர அடி என்றால் 435.6-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, "நீங்க ஏலம் எடுத்தா எப்போ எவ்வளவு கட்டணும்? வீட்ல ஆள் இருக்காங்களா? ரோடு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் பதிலை ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, இரண்டு மொழியும் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு ஆங்கிலத்தில் ஒரு தேதி மாறினால்கூட, இரண்டையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். கடைசி நேரத் திருத்தம் ஒரு மொழியில் மட்டும் ஏறுவது வழக்கமாக நடக்கும் கோளாறு.

'ஆங்கிலமே இறுதி' என்ற வரி

"வேறுபாடு இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தபோது, ஆங்கிலமே இறுதி என்பதுதான் மறுதரப்பு வாதம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழில் படித்து எழுதிய மாணவர்களுக்கு அந்த மதிப்பெண் கிடைக்கவில்லை.

ஏல அறிவிப்பில் இந்த வரிக்கு இன்னும் குறைவான நியாயமே இருக்கிறது. உள்ளூர் மொழியில் வெளியிடச் சொல்வதே ஆங்கிலம் படிக்காதவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். தமிழைப் படித்து முடிவெடுத்தவரிடம், நீங்கள் படித்தது செல்லாது என்று சொன்னால், அந்த அறிவிப்பு எதற்கு? வேடிக்கை என்னவென்றால், அந்த வரியே ஆங்கிலத்தில் மட்டும் இருந்து தமிழில் விடுபட்டிருக்கவும் கூடும்.

ஏலத்தில் பங்கெடுக்க நினைத்தால், ஒரே நாளில் வந்த இரண்டு அறிவிப்பையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன்பே, அறிவிப்பில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பு தயாரிக்கும் பக்கத்தில் வேலை செய்பவர் என்றால், தமிழ் வடிவத்தைத் தனியாகப் படித்துச் சரிபார்த்தவர் யார் என்பதற்கும் கோப்பில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஆங்கில வரைவுக்கு அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் பத்திரிகைக்கு அனுப்பாது. தமிழுக்கும் அதே விதி இருக்க வேண்டும்.