கதவு நிலைக்கு ஃபோம் அடிக்கலாமா? என் கருத்து



மண்டபம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "சார், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஃபோம் அடித்தால் நிலை வளைந்துவிடுமாமே, சிமெண்டே வைத்துவிடவா?" எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். ஃபோம் நல்ல பொருள். நிலையை நிறுத்த வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டுவதுதான் தவறு. நிலை ஸ்க்ரூவில் நிற்க வேண்டும், இடைவெளியை ஃபோம் அடைக்க வேண்டும். இந்த வேலைப் பிரிவினை புரிந்தால் நிலை வளையாது.

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. சுவர் எழும்போதே மர நிலையை நிறுத்தி, ஹோல்டுபாஸ்டை சுவருக்குள் விட்டு, கலவை வைத்துக் கட்டிவிடுவார்கள். இப்போது அப்படியில்லை. சுவர் பூசி, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு, டபிள்யூபிசி நிலையும் கதவும் ஜோடியாக வந்து இறங்குகின்றன. சுவரில் விட்ட வாசல் எப்போதும் நிலையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். அந்த மிச்சத்தை நிரப்பத்தான் ஃபோம்.

அது ஏன் தள்ளுகிறது? இரவில் மாவு கரைத்து வைப்பீர்கள். பாதிப் பாத்திரம் ஊற்றினால் காலையில் பாத்திரம் நிறைந்திருக்கும். முழுப் பாத்திரம் ஊற்றினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். ஃபோமும் அதே கதைதான். டப்பாவிலிருந்து வெளியே வந்ததும் ஒருமுறை உப்பும். அதன் பிறகு காற்றிலும் சுவரிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து, உள்ளே கரியமில வாயு உண்டாகி, இறுகும் வரை மெதுவாக இன்னும் உப்பும். இந்த இரண்டாவது உப்பலை நாம் கண்ணால் பார்ப்பதில்லை, அடித்தவர் அதற்குள் கையைக் கழுவிவிட்டுப் போயிருப்பார். ஒரு பக்கம் சுவர், அது நகராது. இன்னொரு பக்கம் நிலைக்கால். அதில் மேல் முனையைக் குறுக்குச் சட்டம் பிடித்திருக்கும், கீழ் முனை தரையில் நிற்கும். பிடிப்பில்லாமல் இருப்பது நடுப்பகுதி. ஆகவே தொப்பை விழுவது அங்கேதான்.

சென்ற ஆண்டு தங்கச்சிமடத்தில் என் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. குளியலறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். வேலை செய்தவர் நிலையை ஆப்பு வைத்து நிறுத்தி, கதவையும் மாட்டி, சுற்றிலும் ஃபோமை நிறைய அடித்துவிட்டு, ஆப்பை உருவிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஸ்க்ரூ கூட இல்லை. மறுநாள் கதவு இறுக்கமாக இருந்தது. "புதுக் கதவு, போகப் போகச் சரியாகிவிடும்" என்றாராம். இரண்டு நாள் கழித்து அத்தை உள்ளே போய் அழுத்திச் சாத்தினார்கள், திறக்க வரவில்லை. கதவு உள்பக்கம் திறப்பது, வயதான கை இழுக்க முடியவில்லை. சத்தம் கேட்டு ஆள் வந்து வெளியிலிருந்து தள்ளித் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, அத்தை கீழே விழவில்லை.

நான் போய் டேப் வைத்து அளந்தேன். நிலையின் உள் அகலம் மேலே 620 மில்லிமீட்டர், கீழேயும் 620. நடுவில் 612. கதவுக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று மில்லிமீட்டர் என்று மொத்தம் 6 மில்லிமீட்டர்தான் விட்டிருந்தார்கள். நிலை நடுவில் 8 மில்லிமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆறிலிருந்து எட்டைக் கழித்துப் பாருங்கள். கதவு போகவே இடமில்லாத இடத்தில் அதை அமுக்கிச் சாத்தியிருக்கிறோம்.

இது ஈரத்தில் கதவு ஊதியதா, நிலை வளைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று தீப்பெட்டி போதும். நிலைக்காலின் உள்முகத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, அவற்றின் மேல் நூலை இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் மூன்றாவது தீப்பெட்டியை நூலுக்கும் நிலைக்கும் இடையே நுழையுங்கள். சரியாக உட்கார்ந்தால் நிலை நேராக இருக்கிறது. நுழையாமல் நூலைத் தள்ளினால் நிலை தொப்பை போட்டிருக்கிறது. நிலை நேராக இருந்தும் கதவு பிடித்தால்தான் கதவைச் சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்காமல் கதவை இழைக்க விடாதீர்கள். இழைத்த கதவு மறுபடி வளராது.

இனி அளவு பற்றி. என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் இங்கேதான் இருக்கிறது. அத்தை வீட்டு நிலையைச் சுற்றி இடைவெளி 20 மில்லிமீட்டர், ஆழம் 100 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் மேலேயும் சேர்த்து நீளம் சுமார் 5 மீட்டர். பெருக்கினால் 10 லிட்டர். 750 மில்லி டப்பா ஒன்று திறந்த வெளியில் 30 முதல் 45 லிட்டர் வரை உப்பும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். சந்துக்குள் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கதவுக்கு ஒரு டப்பா என்பது அதிகம். அப்படியிருந்தும் ஏன் முழுவதையும் அடிக்கிறார்கள்? குழாய் செருகி அடிக்கும் டப்பாவைத் திறந்துவிட்டால், மிச்சம் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும், மறுநாள் உதவாது. "வீணாகப் போவதற்கு இங்கேயே போகட்டும்" என்று அடித்துவிடுகிறார்கள். ஆகவே வீட்டில் மூன்று கதவு இருந்தால் மூன்றையும் நிறுத்தி வைத்து, ஒரே நாளில் ஃபோம் வேலையை முடியுங்கள். அல்லது துப்பாக்கி மாட்டி அடிக்கும் டப்பா வாங்கச் சொல்லுங்கள். அதில் அளவு கைக்குள் அடங்கும், துப்பாக்கியைக் கழற்றாமல் வைத்திருந்தால் மிச்சத்தையும் பிறகு பயன்படுத்தலாம். எதுவானாலும் கதவு, ஜன்னலுக்கென்று வரும் குறைவாக உப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஓட்டை அடைக்கும் சாதாரண வகை நிலைக்கு வேண்டாம்.

அத்தை வீட்டில் பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதையே வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக நிறுத்துபவர்களுக்கும் இதே முறைதான்.

முதலில் ஆக்சா பிளேடைச் சந்துக்குள் விட்டு, இறுகிய ஃபோமை மேலிருந்து கீழ்வரை அறுத்தோம். அழுத்தம் விட்டதும் நிலைக்கால்கள் பெருமளவு தாமாகவே பின்னால் போயின. பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்தோம். அடுத்து, சரியாக 620 மில்லிமீட்டருக்கு மூன்று மரச்சட்டங்கள் அறுத்து, கீழே, நடுவே, மேலே என்று நிலைக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்தோம். இந்த மூன்று முட்டுச் சட்டங்கள்தான் இந்த வேலைக்கே உயிர். கூடுதல் செலவும் இல்லை, கிடக்கிற துண்டுக் கட்டை போதும். இதைப் போடாமல் ஃபோம் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

தூக்குக்குண்டு பிடித்து நிலை நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்க்ரூ. ஒவ்வொரு காலிலும் நான்கு. மேல் மூலையிலிருந்து அரை அடி விட்டு ஒன்று, தரையிலிருந்து அரை அடி விட்டு ஒன்று, நடுவில் இரண்டு. கீல், தாழ்ப்பாள் வரும் இடங்களுக்கு அருகில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ போகும் ஒவ்வொரு இடத்திலும் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கட்டை வைத்தாக வேண்டும். வைக்காமல் முடுக்கினால் ஸ்க்ரூ நிலையைச் சுவர்ப்பக்கம் இழுத்து வெளியே வளைத்துவிடும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு ஸ்க்ரூ ஆகாது. துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அதன் பிறகுதான் ஃபோம். சந்தில் தூசியைத் துடைத்து, சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தோம், சொட்டும் அளவுக்கு இல்லை. டப்பாவை நன்றாகக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து, கீழிருந்து மேலாக இடைவெளியில் பாதி நிறையும் அளவுக்கே அடித்தோம். மீதியை அது தானாகவே நிரப்பிக்கொள்ளும். எங்காவது பள்ளம் தெரிந்தால், முதல் அடுக்கு இறுகிய பிறகு இன்னொரு கோடு இழுத்தால் போயிற்று. இரண்டு பக்கமும் முன்கூட்டியே பூசி மூடிவிடாதீர்கள், உப்புவதற்கு ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மேலே இறுகிவிட்டது போலத் தெரியும். நம்பாதீர்கள். முட்டுச் சட்டங்களை மறுநாள் வரை, முழுதாக 24 மணி நேரம், அப்படியே விட்டோம். எடுத்த பிறகு டேப் வைத்தால் மூன்று இடத்திலும் 620. வழிந்ததைக் கத்தியால் சீவி, மேலே பூச்சு கொடுத்து மூடினோம். வெயில் பட்டால் ஃபோம் பழுத்து உதிர்ந்துவிடும், ஆகவே திறந்தபடி விடக்கூடாது.

சில எச்சரிக்கைகள். கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள், தோலில் காய்ந்தால் எளிதில் போகாது. டப்பாவுக்குள் எரியும் வாயு இருக்கிறது. அடிக்கும்போது பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் டப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தெருவாசலுக்குக் கனமான தேக்கு நிலை வைப்பவர்கள் ஃபோம் பக்கமே போக வேண்டாம் என்பேன். அந்த எடையையும், திருடன் கடப்பாரையையும் தாங்க ஹோல்டுபாஸ்டும் கான்கிரீட்டும்தான் சரி. உள்ளறை, குளியலறைக் கதவுகளுக்கு ஃபோம் தாராளமாக அடியுங்கள். ஆனால் வேலையாளுக்குக் கூலி கொடுப்பதற்கு முன், மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆக்சா பிளேடை எடுக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு சொன்னால் இரட்டைச் செலவு.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். கேட்பதற்கு முன் மூன்று அளவையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல எனக்குச் சுலபம்.