ஆப் சொன்ன பூட்டு

போன வாரம் கொழும்பில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனோம். மச்சான் தன் காரை நிலக்கீழ் பார்க்கிங்கில் விட்டார். மேலே வந்த பிறகுதான் பூட்டினோமா என்று சந்தேகம். போனில் கார் ஆப்பைத் திறந்தார். "பூட்டப்பட்டுள்ளது" என்றிருந்தது. நிம்மதியாக வார்டுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் கதவு பூட்டாமலே இருந்தது.

காரணம் இதுதான். ஆப் நேரே காருடன் பேசுவதில்லை. கம்பனியின் சர்வர் ஊடாக, காருக்குள் இருக்கும் சிம்முடன்தான் பேசுகிறது. நிலத்துக்குக் கீழே அந்த சிம்முக்குக் கவரேஜ் இல்லை. நம் போனில் சிக்னல் நிறைய இருந்தும் பயனில்லை. ஓடும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் அது. வீதியில் வைத்துக் கடைசியாக அனுப்பிய நிலையைத்தான் ஆப் காட்டியது. கீழே சின்ன எழுத்தில் நேரம் 9.12. நாங்கள் நிறுத்தியது 9.20க்கு.

லைட்டை மினுக்கச் சொன்னாலும் கட்டளை போய்ச் சேராது. வரைபடமும் கார் கடைசியாக அறிவித்த இடத்தைத்தான் காட்டும்.

தொடர்பில்லாத காரைப் பற்றி "பூட்டப்பட்டுள்ளது" என்று உறுதியாகச் சொல்வது பிழை என்பதே என் கருத்து. "9.12க்குப் பூட்டியிருந்தது" என்று பெரிய எழுத்தில் காட்டட்டும். அதுவரை, காரை விட்டு நகர முன் ரிமோட் திறப்பை அழுத்தி, சிக்னல் லைட் மினுங்குவதைக் கண்ணால் பாருங்கள். அது காருடன் நேரே பேசும், கவரேஜ் தேவையில்லை. தூணின் இலக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.